கிரைண்டர் பட்டறைக்கு லாப நட்டமில்லாப் புள்ளி: ஸ்லைடில் படித்ததைக் கணக்கில் போட்டுப் பார்க்கும்போது வரும் கேள்விகள்

வகுப்பு ஸ்லைடில் லாப நட்டமில்லாப் புள்ளியின் சூத்திரம் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. கையில் ஒரு பட்டறையின் செலவுக் கணக்கு இருந்தால் எங்கிருந்து ஆரம்பிப்பது?

செலவுகளைப் பிரிப்பதிலிருந்துதான். ஸ்லைடில் மாறும் செலவு இவ்வளவு, நிலையான செலவு இவ்வளவு என்று பிரித்தே கொடுத்துவிடுகிறார்கள். அதற்கு மேல் இருப்பது ஒரு கழித்தலும் ஒரு வகுத்தலும் மட்டுமே. பட்டறையின் பேரேட்டில் அப்படிப் பிரிந்திருக்காது. கூலி, கரண்ட் பில், வண்டி வாடகை, வட்டி என்று தலைப்புகள்தான் இருக்கும். ஒவ்வொரு தலைப்பையும் எடுத்து, "இந்த மாதம் இன்னும் ஒரு உருப்படி செய்து விற்றால் இந்தச் செலவு கூடுமா?" என்று கேளுங்கள். கூடினால் மாறும் செலவு, கூடாவிட்டால் நிலையான செலவு. இந்த இடத்தில் தவறினால் சூத்திரத்தை எவ்வளவு சரியாகப் போட்டாலும் விடை தவறாகத்தான் வரும்.

கோயம்புத்தூரில் டேபிள்டாப் வெட் கிரைண்டர் பூட்டும் ஒரு சிறு பட்டறையை எடுத்துக்கொள்வோம். மோட்டார், கல், டிரம் எல்லாவற்றையும் வெளியே வாங்கி, உள்ளே பூட்டி, ஓட்டிப் பார்த்து, பெட்டியில் போட்டு டீலருக்கு அனுப்புகிறார்கள். எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை, சந்தை விலை அல்ல. டீலருக்கு விற்கும் விலை ரூ. 2,500. ஒரு கிரைண்டருக்கு ஆகும் மாறும் செலவு:

- மோட்டார்: 720
- எவர்சில்வர் டிரம்: 330
- கல் செட்: 210
- பாடி, பெல்ட், சுவிட்ச், வயர்: 265
- அட்டைப்பெட்டி, பேக்கிங்: 65
- பூட்டும் கூலி (பீஸ் ரேட்): 90
- ஓட்டிப் பார்க்கும் மின்சாரம்: 20
- டீலர் கடை வரை வண்டிச் செலவு: 50

மொத்தம் ரூ. 1,750. விற்பனை விலையிலிருந்து இதைக் கழித்தால் ரூ. 750 மிஞ்சும். இதுதான் ஒரு கிரைண்டரின் பங்களிப்பு.

மாதாமாதம் ஆகும் நிலையான செலவு: ஷெட் வாடகை 45,000, சூப்பர்வைசர், கணக்கர், உதவியாளர்கள் சம்பளம் 1,20,000, மின் இணைப்பின் நிலைக்கட்டணமும் விளக்கு, ஃபேன் செலவும் சேர்த்து 9,000, தேய்மானம் 18,000, கடன் வட்டி 21,000, இன்சூரன்ஸ், போன், அலுவலகச் செலவு 12,000. கூட்டினால் ரூ. 2,25,000.

ஒன்றை மறந்துவிட வேண்டாம். விலையிலும் செலவிலும் ஜி.எஸ்.டி. சேரக் கூடாது. டீலரிடம் வாங்கும் வரி உங்கள் வருமானம் இல்லை, அரசுக்குப் போவது. உள்ளீட்டு வரியைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடிகிறவரை, மோட்டாருக்குக் கட்டிய வரியும் உங்கள் செலவு இல்லை. பில்லின் கடைசி வரியில் இருக்கும் தொகையை அப்படியே விலையாகப் போட்டால் பங்களிப்பு உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும்.

சரி, இதிலிருந்து புள்ளியை எப்படி எடுப்பது? எண்ணிக்கை, ரூபாய், விகிதம் என்று மூன்று விதமாகக் கொடுத்திருக்கிறார்களே?

மூன்றும் ஒரே விஷயம்தான். விற்கும் ஒவ்வொரு கிரைண்டரும் ரூ. 750 விட்டுவிட்டுப் போகிறது. அந்த 750 முதலில் ரூ. 2,25,000 என்ற பள்ளத்தை நிரப்பப் போகும். பள்ளம் நிரம்பிய பிறகு வருகிற ஒவ்வொரு 750-உம் லாபம். ஆக, பள்ளம் நிரம்ப எத்தனை கிரைண்டர் வேண்டும்?

```
எண்ணிக்கையில் = 2,25,000 ÷ 750 = 300 கிரைண்டர்
பங்களிப்பு விகிதம் = 750 ÷ 2,500 = 30%
ரூபாயில் = 2,25,000 ÷ 30% = ரூ. 7,50,000
```

300-ஐ 2,500-ஆல் பெருக்கினாலும் அதே 7,50,000 வரும். வராவிட்டால் எங்கோ தப்பு. இந்த விகிதத்தைத்தான் பல ஸ்லைடுகளில் பி.வி. விகிதம் என்று போட்டிருப்பார்கள். ஒரே பொருள் செய்கிறவருக்கு எண்ணிக்கை போதும். பத்து விதப் பொருள் செய்கிறவருக்கு எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்வதில் அர்த்தமில்லை, அவருக்கு ரூபாய்க் கணக்குதான் உதவும்.

பட்டறை மாதம் 400 விற்கிறது என்று வையுங்கள். பங்களிப்பு 3,00,000, நிலையான செலவு போக லாபம் 75,000. புள்ளிக்கு மேலே 100 கிரைண்டர் இருக்கிறது, அதாவது விற்பனையில் 25 விழுக்காடு. இதுதான் பாதுகாப்பு எல்லை. விற்பனை கால்பங்கு குறைந்தாலும் கையைக் கடிக்காது, அதற்குக் கீழே போனால் கடிக்கும். அந்த 100 கிரைண்டரை 750-ஆல் பெருக்கினால் அதே 75,000 லாபம் வந்து நிற்கும். தேர்வில் விடையைச் சரிபார்க்க இது நல்ல வழி.

வகுத்தலில் பின்னம் வந்தால் எப்போதும் மேலே ஏற்றுங்கள். மோட்டார் விலை ரூ. 50 கூடினால் பங்களிப்பு 700 ஆகும், புள்ளி 321.4 என்று வரும். 321 விற்றால் இன்னும் ரூ. 300 நட்டம், ஆகவே 322.

பாடத்தில் நேரடிக் கூலி என்றாலே மாறும் செலவு என்கிறார்கள். எங்கள் ஆட்களுக்கு மாதச் சம்பளம். அது எதில் சேரும்?

மாதச் சம்பளம் என்றால் அந்த மாதத்துக்கு அது நிலையான செலவு. நேரடிக் கூலி என்பது ஆள் என்ன வேலை செய்கிறார் என்பதைச் சொல்கிறது, பணம் எப்படிக் கூடிக் குறைகிறது என்பதைச் சொல்லவில்லை. பொருளைத் தொட்டுப் பூட்டுகிறவராக இருந்தாலும், 200 பூட்டினாலும் 400 பூட்டினாலும் அதே சம்பளம் என்றால் அவரை மாறும் செலவில் போடக் கூடாது.

இது வெறும் தலைப்பு மாற்றம் அல்ல என்பதைப் பட்டறையிலேயே பார்க்கலாம். பீஸ் ரேட்டில் 90 வீதம் 400 கிரைண்டருக்கு 36,000 கூலி ஆகிறது. அதையே மாதச் சம்பளமாக மாற்றிவிட்டார்கள் என்று வைப்போம். மாறும் செலவு 1,660-ஆக இறங்கி, பங்களிப்பு 840 ஆகும். நிலையான செலவு 2,61,000-ஆக ஏறும். புள்ளி 300-லிருந்து 311-க்குப் போகும்.

400 விற்கும் மாதத்தில் இரண்டு முறையிலும் லாபம் அதே 75,000 தான். வித்தியாசம் மற்ற மாதங்களில்தான் தெரியும். தீபாவளியை ஒட்டி 500 போனால் பீஸ் ரேட்டில் லாபம் 1,50,000, சம்பளத்தில் 1,59,000. மந்தமான மாதத்தில் 250 மட்டும் போனால் பீஸ் ரேட்டில் நட்டம் 37,500, சம்பளத்தில் 51,000. பங்களிப்பு பெரிதாகத் தெரிவது நல்ல செய்தி என்று மட்டும் படிக்கக் கூடாது. அதே அளவு பாரம் நிலையான செலவுக்கு மாறியிருக்கிறதா என்று பக்கத்திலேயே பார்க்க வேண்டும்.

பீஸ் ரேட் ஆட்களுக்கும் வேலை இல்லாத நாளில் ஒரு குறைந்தபட்சத் தொகை கொடுக்கிற பட்டறைகள் உண்டு. அங்கே அந்தக் குறைந்தபட்சத்தை நிலையான செலவிலும், அதற்கு மேல் போவதை மாறும் செலவிலும் போடுங்கள்.

கரண்ட் பில்லை 20 ரூபாய், 9,000 ரூபாய் என்று எப்படிப் பிரித்தீர்கள்? பில்லில் அப்படி எதுவும் போட்டிருக்காதே?

இது கலப்புச் செலவு. இணைப்பு வாங்கிய பளுவுக்கு ஏற்ற நிலைக்கட்டணம் ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் வரும். விளக்கும் ஃபேனும் எத்தனை கிரைண்டர் செய்தாலும் ஒரே மாதிரிதான் எரியும். கிரைண்டரை ஓட்டிப் பார்க்கும் மின்சாரம் மட்டும் எண்ணிக்கையோடு ஏறும். பில்லைப் பார்த்து இவற்றைப் பிரிக்க முடியாது. ஆனால் இரண்டு மாதத்து பில்லை ஒப்பிட்டுப் பிரிக்கலாம். அதிக உற்பத்தி இருந்த மாதம், குறைந்த உற்பத்தி இருந்த மாதம், இவை இரண்டையும் எடுங்கள்.

```
அதிகம்:     480 கிரைண்டர், பில் 18,600
குறைவு:     280 கிரைண்டர், பில் 14,600
வித்தியாசம்: 200 கிரைண்டர், ரூ. 4,000
ஒன்றுக்கு = 4,000 ÷ 200 = ரூ. 20
நிலையானது = 18,600 − (480 × 20) = ரூ. 9,000
```

குறைந்த மாதத்தில் வைத்துச் சரிபார்த்தால் 14,600-லிருந்து 5,600 போக அதே 9,000 வரும்.

இங்கே இரண்டு கவனிப்புகள். முதலாவது, தேர்ந்தெடுக்க வேண்டியது அதிக உற்பத்தி இருந்த மாதத்தை, அதிக பில் வந்த மாதத்தை அல்ல. பெரும்பாலும் இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கும். இல்லாதபோதுதான் மாணவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டாவது, அந்த இரண்டு மாதமும் சாதாரண மாதங்களாக இருக்க வேண்டும். இடையில் கட்டண உயர்வு வந்திருந்தாலோ, ஷெட்டில் வெல்டிங் வேலை நடந்திருந்தாலோ இந்த முறை தவறான எண்ணைத் தரும். ஆறேழு மாதத்து எண்ணிக்கையையும் பில்லையும் ஒரு கட்டத்தாளில் புள்ளிகளாக வைத்துப் பாருங்கள். ஒரு புள்ளி மட்டும் கூட்டத்தை விட்டு விலகி நின்றால் அந்த மாதத்தை விட்டுவிடலாம்.

டீலர் 5 விழுக்காடு தள்ளுபடி கேட்கிறார். கூடுதலாக எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார். எவ்வளவு கூடுதல் எடுத்தால் சரிக்கட்டும்?

20 விழுக்காடு. விலை 2,500-லிருந்து 2,375-ஆக இறங்கும். 125 ரூபாய்தானே என்று தோன்றும், ஆனால் மோட்டாரும் கல்லும் அதனால் விலை குறையப்போவதில்லை. 125 முழுவதும் பங்களிப்பிலிருந்தே போகிறது. 750 இருந்தது 625 ஆகிவிடும், அதாவது ஆறில் ஒரு பங்கு போய்விட்டது. புள்ளி 300-லிருந்து 360-க்கு ஏறும். இப்போது கிடைக்கும் 75,000 லாபம் அப்படியே நிற்க வேண்டுமென்றால் நிலையான செலவோடு அதையும் சேர்த்து 3,00,000 பங்களிப்பு வேண்டும். 625-ஆல் வகுத்தால் 480 கிரைண்டர்.

ஆக, டீலரிடம் பேசும்போது கேட்க வேண்டிய கேள்வி "கூடுதலாக எடுப்பீர்களா" என்பது இல்லை. 400-ஐ 480 ஆக்க முடியுமா, மாதாமாதம் முடியுமா என்பதுதான். பட்டறை மாதம் 500 வரைதான் பூட்ட முடியும் என்றால் 480-க்கு மேலே மிச்சம் இருப்பது வெறும் 20 கிரைண்டர். அத்தனையும் பூட்டி விற்றால்கூட லாபம் 12,500 மட்டுமே கூடும். அதற்காகப் பட்டறையை முழு வீச்சில் ஓட்டி, டீலருக்குக் கூடுதல் கடனும் கொடுக்க வேண்டியிருக்கும். இந்த எண்களில் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பங்களிப்பு விகிதம் குறைவாக உள்ள தொழிலில் தள்ளுபடி இன்னும் வலிக்கும். விகிதம் 30% என்றால் 5% தள்ளுபடி பங்களிப்பில் ஆறில் ஒன்றைத் தின்னும். விகிதம் 15% என்றால் மூன்றில் ஒன்றைத் தின்றுவிடும்.

கணக்கர் ஒரு கிரைண்டர் அடக்கவிலை 2,312.50 என்கிறார். வெளியூர் கம்பெனி ஒன்று 60 கிரைண்டரை 2,100-க்குக் கேட்கிறது. மறுத்துவிட வேண்டியதுதானா?

கணக்கர் சொல்வது தவறில்லை. 400 கிரைண்டருக்கு மொத்தச் செலவு 9,25,000, அதை 400-ஆல் வகுத்தால் 2,312.50 வரும். ஆனால் அதற்குள் ரூ. 562.50 வாடகையும் சம்பளமும் வட்டியும் இருக்கிறது. அந்த 60 கிரைண்டரைச் செய்தாலும் செய்யாவிட்டாலும் ஷெட் வாடகை அதே 45,000 தான். இந்த ஒரு முடிவுக்குப் பார்க்க வேண்டியது கூடுதலாக ஆகும் செலவை மட்டும்.

அந்தக் கம்பெனி பட்டறை வாசலிலேயே வந்து எடுத்துக்கொள்கிறது என்றால் வண்டிச் செலவு 50 இல்லை. மாறும் செலவு 1,700, பங்களிப்பு 400. 60 கிரைண்டருக்கு 24,000 லாபம் கூடும். அடக்கவிலைக்குக் கீழே விற்று லாபம் கூடுவது முதலில் புதிராகத் தெரியலாம். நிலையான செலவை வழக்கமான 400 கிரைண்டர் ஏற்கெனவே சுமந்து முடித்துவிட்டது என்று பார்த்தால் புதிர் தீர்ந்துவிடும்.

இந்த விடை நிற்பதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. 60 செய்ய இடமும் ஆளும் மீதம் இருக்க வேண்டும். 500 கொள்ளளவில் 400 போக 100 மீதம் இருப்பதால் இங்கே சரி. பட்டறை ஏற்கெனவே நிரம்பியிருந்தால், 750 தரும் கிரைண்டரை விட்டுவிட்டு 400 தரும் கிரைண்டரைச் செய்வதாக ஆகிவிடும். அப்புறம், இந்த விலை வழக்கமான டீலர் காதுக்குப் போனால் அவரும் 2,100-க்குக் கேட்பார். 400 கிரைண்டரில் ஒவ்வொன்றுக்கும் 400 ரூபாய் இறங்கினால் மாதம் 1,60,000 போய்விடும், 24,000 எங்கே என்று தேட வேண்டியதுதான். வேறு ஊர், வேறு பெயர் ஸ்டிக்கர் என்று சந்தை உண்மையிலேயே பிரிந்திருந்தால்தான் இப்படி விற்கலாம். வழக்கமான விற்பனைக்கு விலை வைக்கும்போது மாறும் செலவை மட்டும் பார்க்க முடியாது. அங்கே 2,25,000-ஐ யாராவது சுமந்தாக வேண்டும்.

சார்ட்டில் கோடு நேராக மேலே போய்க்கொண்டே இருக்கிறது. அதிகமாகச் செய்யச் செய்ய லாபம் கூடிக்கொண்டே போகும் என்று எடுத்துக்கொள்ளலாமா?

கொள்ளளவு வரைதான். சார்ட்டில் 500-க்கு அப்பால் வரைந்த கோடு இந்தப் பட்டறையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

500-க்கு மேல் போக இரண்டாவது ஷிப்ட் வைத்தாக வேண்டும், அதற்கு ஒரு சூப்பர்வைசரும் காவலாளும் மற்றதும் சேர்த்து மாதம் 60,000 ஆகும் என்று வையுங்கள். நிலையான செலவு ஒரே எட்டில் 2,85,000-க்கு ஏறிவிடும். 500 செய்தபோது லாபம் 1,50,000. இரண்டாவது ஷிப்ட் வைத்து 520 செய்தால் பங்களிப்பு 3,90,000, லாபம் 1,05,000. இருபது கிரைண்டர் அதிகம் விற்று 45,000 ரூபாய் குறைந்திருக்கிறது. பழைய 1,50,000-ஐ மறுபடியும் தொட 580 விற்க வேண்டும். 501-லிருந்து 579 வரை எந்த எண்ணிக்கையிலும் 500-ஐவிட லாபம் குறைவுதான். ஆர்டர் 530-இல் நிற்கிறது என்றால் ஷிப்ட் வைப்பதைவிட அந்த 30-ஐ அடுத்த மாதம் தருவதாகச் சொல்வதோ, வேறு பட்டறையில் கூலிக்குப் பூட்டி வாங்குவதோ மேல்.

இரண்டு மாடல் செய்தால்? ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் புள்ளி போட வேண்டுமா?

வாடகையும் சம்பளமும் இரண்டுக்கும் பொது என்பதால் தனித்தனியாகப் போட முடியாது. போட வேண்டுமென்றால் பொதுச் செலவை ஏதோ ஒரு கணக்கில் பங்கு போட வேண்டும். அந்தப் பங்கை மாற்றினால் புள்ளியும் மாறும். அப்படிக் கிடைக்கும் எண்ணை நம்பி முடிவெடுக்க வழியில்லை.

அதற்குப் பதிலாக இரண்டும் எந்த விகிதத்தில் விற்கிறது என்று பார்த்து ஒரு கட்டாகப் பிடிக்கலாம். பட்டறை ஒரு டில்டிங் மாடலையும் சேர்க்கிறது. விலை 4,500, மாறும் செலவு 3,300, பங்களிப்பு 1,200. அதற்காக நிலையான செலவு 27,000 கூடி 2,52,000 ஆகிறது. நான்கு சாதா மாடலுக்கு ஒரு டில்டிங் என்ற வீதத்தில் விற்கிறது.

```
ஒரு கட்டின் பங்களிப்பு = (4 × 750) + (1 × 1,200) = 4,200
கட்டுகள் = 2,52,000 ÷ 4,200 = 60
சாதா 240, டில்டிங் 60
```

விற்பனை மதிப்பு 6,00,000-உம் 2,70,000-உம் சேர்த்து 8,70,000. ஆனால் இந்த 300 என்ற மொத்த எண்ணிக்கை, 4-க்கு 1 என்ற வீதம் நிற்கும் வரைதான் நிற்கும். டில்டிங் போகாமல் 9-க்கு 1 ஆகிவிட்டால், பத்து கிரைண்டர் கொண்ட கட்டின் பங்களிப்பு 7,950, மொத்தம் 317 கிரைண்டர் விற்றாக வேண்டும். மாதக் கடைசியில் எண்ணிக்கை சரியாக இருந்தும் லாபம் வரவில்லை என்றால் முதலில் இந்த வீதத்தைப் பாருங்கள்.

புள்ளிக்குக் கீழே 290 தான் விற்றோம். ஆனால் லாப நட்டக் கணக்கு லாபம் காட்டுகிறது. எது பொய்?

இரண்டுமே பொய் இல்லை. அந்த மாதம் எத்தனை செய்தீர்கள் என்று பாருங்கள். 400 செய்து 290 விற்றிருந்தால் 110 கிரைண்டர் சரக்காக நிற்கிறது. விடை அந்தச் சரக்கின் மதிப்பில் இருக்கிறது.

பங்களிப்பு முறையில் நிலையான செலவு முழுவதும் அந்த மாதத்தின் தலையில் விழும். 290 × 750 = 2,17,500. அதிலிருந்து 2,25,000 போக நட்டம் 7,500. வெளியாருக்குக் காட்டும் கணக்கு அப்படிப் போடப்படுவதில்லை. இருப்புச் சரக்கு மதிப்பீட்டுக்கான கணக்கியல் தரநிலை 2, உற்பத்தி சார்ந்த நிலையான செலவையும் இயல்பான கொள்ளளவின் அடிப்படையில் சரக்கின் மதிப்பில் சேர்க்கச் சொல்கிறது. 2,25,000-இல் ஷெட், சூப்பர்வைசர், எந்திரத் தேய்மானம் போன்ற உற்பத்திச் செலவு 1,60,000 என்றும், இயல்பான உற்பத்தி 400 என்றும் வைத்தால் ஒரு கிரைண்டருக்கு 400 ரூபாய். விற்காத 110 கிரைண்டரோடு 44,000 ரூபாய் குடோனுக்குப் போய்விடுகிறது. அதனால் அந்த மாதம் 7,500 நட்டத்துக்குப் பதில் 36,500 லாபம் தெரிகிறது.

அடுத்த மாதம் உற்பத்தியைக் குறைத்து அந்தச் சரக்கை விற்கும்போது அதே 44,000 திரும்பி வந்து லாபத்தைக் குறைக்கும். ஆகவே லாப நட்டமில்லாப் புள்ளியை ஒப்பிட வேண்டியது விற்ற எண்ணிக்கையோடு, செய்த எண்ணிக்கையோடு அல்ல. தொடர்ந்து சில மாதங்கள் கணக்கில் லாபமும் குடோனில் சரக்கும் சேர்ந்தே ஏறினால், பங்களிப்புக் கணக்கையும் பக்கத்தில் போட்டுப் பாருங்கள்.

300 விற்ற மாதத்தில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. இருந்தும் கையில் பணம் பத்தவில்லை. ஏன்?

கணக்கில் உள்ள நிலையான செலவும் கையை விட்டுப் போகும் பணமும் ஒன்றல்ல என்பதால். தேய்மானம் 18,000 கணக்கில் செலவு, ஆனால் யாருக்கும் கொடுப்பதில்லை. கடன் தவணையில் வட்டி 21,000 செலவாகக் கணக்கில் வந்துவிட்டது, அசல் வரவில்லை. அசல் மாதம் 33,000 என்றால் பணக் கணக்கு இப்படி மாறும்:

```
2,25,000 − 18,000 + 33,000 = 2,40,000
2,40,000 ÷ 750 = 320 கிரைண்டர்
```

300-க்கும் 320-க்கும் நடுவே இருக்கும் 15,000 ரூபாய்தான் உங்கள் பற்றாக்குறை. இதுவும் டீலர் உடனே பணம் தருகிறார் என்ற கணக்கு. 45 நாள் கடனில் விற்றால் விற்பனை கூடும் மாதத்தில்தான் பணம் அதிகம் முடங்கும். அதை இந்தச் சூத்திரம் காட்டாது, தனியாகப் பணவரவுப் பட்டியல் போட வேண்டும்.

இன்னொன்று, மேலே உள்ள சம்பளப் பட்டியலில் முதலாளியின் சம்பளம் இல்லை. தனி உரிமையாளர் தொழில்களில் வீட்டுக்கு எடுக்கும் பணத்தைச் செலவாக எழுதாமல் மூலதனத்திலிருந்து கழிக்கும் வழக்கம் உண்டு. கணக்குக்கு அது சரி, ஆனால் வீடு நடக்க மாதம் 40,000 எடுத்தாக வேண்டும் என்றால் அந்தத் தொகையையும் சேர்த்தே புள்ளியைப் போட வேண்டும். பணக் கணக்கில் அது 2,80,000 ஆகும், புள்ளி 374. மாதம் 400 விற்கும் பட்டறைக்கு 25 விழுக்காடு என்று தெரிந்த பாதுகாப்பு எல்லை, 26 கிரைண்டராகச் சுருங்கிவிடுகிறது. டீலர் தள்ளுபடி கேட்கும்போது இந்த 26-ஐ முன்னால் வைத்துக்கொண்டு பேசுங்கள்.